இறங்கும் பங்கை விற்பது எப்படி: கடன் ஷார்ட், பியூச்சர்ஸ், புட் ஆப்ஷன் ஓர் ஒப்பீடு

வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பங்கு மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கும் என்று தோன்றுகிறது. பங்கைக் கடன் வாங்கி ஷார்ட் விற்பதா, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் பியூச்சர்ஸில் விற்பதா, குறித்த விலையில் விற்கும் உரிமை தரும் புட் ஆப்ஷன் வாங்குவதா? நட்டத்தை வெட்டி வெளியேறும் ஆணையான ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது? கேட்பவர்கள் பெரும்பாலும் இவற்றை இரண்டு தனிக் கேள்விகளாக நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டாவதற்கு விடை தெரிந்த பிறகுதான் முதலாவதற்கே விடை சொல்ல முடியும்.

விலை இறங்குமா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. இறங்கும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கணக்குக்காக எண்களை மட்டும் தருகிறேன், நாணயம் எதுவாக இருந்தாலும் பொருந்தும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, நிலையைக் கையில் வைத்திருக்க நாளொன்றுக்கு என்ன செலவாகிறது? பங்கை வாங்கி வைத்திருப்பவருக்குக் காலம் பெரும்பாலும் இலவசம். விற்று வைத்திருப்பவருக்கு அப்படியில்லை, ஒவ்வொரு நாளுக்கும் ஏதோ ஒரு வடிவில் வாடகை உண்டு.

இரண்டாவது, ஓர் இரவில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம்? ஸ்டாப் போட்ட இடத்தில் எவ்வளவு போகும் என்பது வேறு கேள்வி. சந்தை மூடியிருக்கும்போது செய்தி வந்து, மறுநாள் விலை உங்கள் ஸ்டாப்பைத் தாண்டித் திறந்தால் என்னவாகும் என்பதுதான் இங்கே கேள்வி.

மூன்றாவது, உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் வேறொருவர் உங்களை வெளியேற்ற முடியுமா? கடன் கொடுத்தவர் பங்கைத் திரும்பக் கேட்கலாம், பிணையாகக் கட்டும் பணமான மார்ஜினைப் புரோக்கர் உயர்த்தலாம்.

நான்காவது, போகும் வழியில் விலை ஒருமுறை எதிராக ஏறி இறங்கினால் நிலை பிழைக்குமா? இறங்குமுகத்தில் இது அடிக்கடி நடப்பது. எஸ் அண்ட் பி 500 குறியீடு 2008 அக்டோபர் 13 அன்று ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அது வீழ்ச்சி முடிந்த நாள் அல்ல. அடிமட்டம் வந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில்தான். மிக மூர்க்கமான ஏற்றங்கள் இறங்கும் சந்தைகளில்தான் வருகின்றன. விற்றவர்கள் பயந்து திரும்ப வாங்கும்போது, அந்த வாங்குதலே விலையை மேலே தள்ளிவிடுகிறது.

## எடுத்துக்கொண்ட பங்கு

ஒரு பங்கு 520, 474, 432 என்று ஒன்றைவிட ஒன்று தாழ்ந்த முகடுகளை அமைத்திருக்கிறது. இடையில் விழுந்த பள்ளங்கள் 455, 410, 372. கடைசிப் பள்ளமான 372-லிருந்து 409 வரை மீண்டு, மறுபடி சறுக்கி, இன்று 400-இல் நிற்கிறது. ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு அலைகிறது என்பதைக் காட்டும் 14 நாள் ஏடிஆர் 12. கணக்கில் இருக்கும் மொத்தப் பணம் 10,00,000. ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம், அதாவது 10,000 வரை இழக்கத் தயார்.

## முதலில் ஸ்டாப்: 412-ஆ, 420-ஆ, 444-ஆ

ஸ்டாப் என்பது நாம் எவ்வளவு இழக்கத் தயார் என்பதைச் சொல்லும் இடம் அன்று. நம் எண்ணம் எந்த விலையில் பொய்யாகிறது என்பதைச் சொல்லும் இடம். இங்கே எண்ணம், 'முகடுகள் தாழ்ந்துகொண்டே வருகின்றன' என்பது. அது எந்த விலையில் உடைகிறது?

பலரும் கைவைக்கும் இடம் 409-க்குச் சற்று மேலே, 412. கடைசியாக விலை திரும்பிய இடம் அதுதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் 409 இன்னும் முகடு ஆகவில்லை. 372 உடைந்து புதிய பள்ளம் விழுந்த பிறகுதான் அது உறுதியான தாழ்ந்த முகடு. அதுவரை வெறும் இடைநிலைத் தயக்கம். தினமும் 12 அலையும் பங்கில் 12 தொலைவில் ஸ்டாப் வைத்தால், போக்கில் எந்த மாற்றமும் இல்லாத ஒரு சாதாரண நாளே உங்களை வெளியே தள்ளிவிடும்.

அடுத்தது சதவீதக் கணக்கு. 'எப்போதும் 5 சதவீதம்' என்பவருக்கு ஸ்டாப் 420-இல் விழும். 420-இல் அந்தப் பங்கின் வரைபடத்தில் எதுவும் இல்லை. விலை அங்கே போனாலும் இறங்குமுகம் அப்படியே இருக்கும், நீங்கள் மட்டும் இருக்கமாட்டீர்கள்.

உறுதியான கடைசி முகடு 432. ஸ்டாப் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும், அதுவும் 433-இல் அல்ல. அந்த முகட்டைப் பார்த்து விற்ற எல்லோருடைய ஸ்டாப்பும் 432-க்கு ஒட்டினாற்போல் குவிந்து கிடக்கும். விலை அங்கே எட்டிப் பார்த்து, அந்த வாங்கும் ஆணைகளை விழுங்கிவிட்டுத் திரும்புவது வாடிக்கை. அதனால் ஒரு நாள் அலைவை, அதாவது ஒரு ஏடிஆரைச் சேர்க்கிறேன்: 432 + 12 = 444. விலை அங்கே போய்விட்டால் முகடுகள் தாழ்கின்றன என்ற பேச்சுக்கே இடமில்லை.

'44 தொலைவா? அவ்வளவு தூரம் யார் தாங்குவது?' என்று உடனே கேட்பார்கள். எண்ணிக்கையைக் குறைத்துத் தாங்குவதுதான் வழி. 10,000-ஐ 44-ஆல் வகுத்தால் 227 பங்குகள். 420-இல் ஸ்டாப் வைப்பவர் அதே 10,000-க்கு 500 பங்குகள் விற்கலாம். 412-இல் வைப்பவர் 833 பங்குகள். காகிதத்தில் மூவரும் இழக்கப்போவது ஒரே தொகை.

இப்போது ஓர் இரவு அறிவிப்பு வருகிறது. வேறொரு நிறுவனம் இதை வாங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை பங்கு 50 சதவீதம் மேலே, 600-இல் திறக்கிறது. மூவருடைய ஸ்டாப்பும் ஏறக்குறைய அதே 600-இல்தான் நிறைவேறும். 227 பங்குகள் விற்றவருக்கு 45,400 நட்டம். 500 விற்றவருக்கு 1,00,000. மிக நெருக்கமாக, மிகப் 'பாதுகாப்பாக' 412-இல் ஸ்டாப் வைத்தவருக்கு 1,66,600, அதாவது மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கு.

ஷார்ட் செல்லிங்கில் பலர் கடைசிவரை கவனிக்காத கணக்கு இது. ஸ்டாப் நெருங்க நெருங்க எண்ணிக்கை பெருகுகிறது. எண்ணிக்கை பெருகப் பெருக, ஸ்டாப் வேலை செய்யாத அந்த ஒரு காலையில் அடி பெரிதாகிறது. பங்கை வாங்கியவருக்கும் இடைவெளி விட்டுத் திறக்கும் ஆபத்து உண்டு. ஆனால் அவருடைய விலை சுழிக்குக் கீழே போக முடியாது. விற்றவருக்கு மேலே கூரையே இல்லை.

இது கற்பனை ஆபத்து அன்று. 2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, ஃபோக்ஸ்வாகன் பங்கு சுமார் 210 யூரோவில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம் தன்னிடம் 42.6 சதவீதப் பங்குகளும், அதற்கு மேல் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன்களும் இருப்பதாக அறிவித்தது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது. சந்தையில் புழங்க மிஞ்சியது 6 சதவீதத்துக்கும் குறைவு. ஷார்ட் விற்றவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பங்குகளோ அதைவிட அதிகம். திங்கள்கிழமை முடிவில் விலை 500 யூரோவைத் தாண்டியது, செவ்வாயன்று இடையில் 1,000-ஐயும் தொட்டது. வெள்ளிக்கிழமை 230-இல் ஸ்டாப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவருக்கு அந்த ஸ்டாப்பால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே எண்ணிக்கைக்கு இரண்டு வரம்புகள் வேண்டும். ஒன்று ஸ்டாப் தொலைவு தருவது, இங்கே 227. இன்னொன்று இரவுத் தாவலுக்கானது. 50 சதவீதத் தாவலில் மொத்தப் பணத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தால், 30,000-ஐ 200-ஆல் வகுத்து 150 பங்குகள். இரண்டில் சிறியதையே எடுக்க வேண்டும். 150 பங்குகளை 400-இல் விற்று 444-இல் வெளியேறினால் நட்டம் 6,600. தாவினால் 30,000. ஏன் 50 சதவீதம்? அது என் பழக்கம். சின்ன மருந்து நிறுவனம் என்றால் 100 சதவீதமாகவே வைத்துப் போடுவேன், பெரிய, நிதானமான நிறுவனம் என்றால் 30 போதும்.

ஆணையின் வகையைப் பற்றியும் ஒரு சொல். ஷார்ட்டின் ஸ்டாப் வாங்கும் ஆணை. அதை லிமிட் விலையோடு போட்டால், விலை அதைத் தாண்டித் திறக்கும்போது ஆணை நிறைவேறாமல் நின்றுவிடும், நட்டமோ மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மோசமான விலை கிடைத்தாலும் பரவாயில்லை, மார்க்கெட் ஆணையாகவே போடுங்கள்.

இந்த 150 பங்குகளை வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

## வழி ஒன்று: பங்கைக் கடன் வாங்கி விற்பது

புரோக்கர் வேறொருவரின் கணக்கிலிருந்தோ நிறுவன முதலீட்டாளரிடமிருந்தோ பங்கைக் கடனாகப் பெற்றுத் தருகிறார். நீங்கள் அதை விற்கிறீர்கள். விற்ற பணம் பிணையாக நிற்கிறது, அதற்கு மேல் உங்கள் மார்ஜினும் நிற்கிறது. பின்னாளில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

இதற்கான கடன் கட்டணம் ஆண்டுச் சதவீதமாகச் சொல்லப்பட்டு, அன்றாடம் கணக்கில் கழிக்கப்படுகிறது. எல்லோரிடமும் தாராளமாக இருக்கும் பெரிய நிறுவனப் பங்குக்கு அது 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கலாம். 60,000 மதிப்புள்ள நம் நிலைக்கு 1 சதவீதம் என்றாலும் மாதம் சுமார் 50-தான், மறந்துவிடலாம். ஆனால் இறங்குமுகத்தில் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பங்கை எல்லோரும் கடன் கேட்பார்கள். அப்போது கட்டணம் 20, 40 என்று ஏறும், சில பங்குகளில் 100 சதவீதத்தையும் தாண்டும்.

40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60,000-க்கு ஆண்டுக்கு 24,000, நாளுக்கு ஏறத்தாழ 66. விலை நம் இலக்கான 340-க்கு இறங்கினால் நமக்கு 9,000 லாபம். அது 30 நாளில் நடந்தால் வாடகை சுமார் 1,970, லாபத்தில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அதே இறக்கம் 90 நாள் எடுத்துக்கொண்டால், மதிப்பு பெரும்பாலும் 400-ஐ ஒட்டியே இருந்ததாகக் கொண்டால், வாடகை 5,900-ஐத் தாண்டும். திசை சரி, இலக்கும் சரி, ஆனால் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடன் கொடுத்தவருக்குப் போய்விட்டது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். கட்டணம் நீங்கள் விற்ற விலைக்கு அல்ல, அன்றைய சந்தை மதிப்புக்குக் கணக்கிடப்படுகிறது. விலை எதிராக ஏறினால் நட்டத்தோடு வாடகையும் ஏறும். அடுத்து, இன்றைய சதவீதம் நாளைக்கு உறுதியில்லை. நிலையில் நுழைந்த அன்று 5 சதவீதமாக இருந்தது, இரண்டு வாரத்தில் 35 ஆகலாம். அதற்கு யாரும் உங்களிடம் சம்மதம் கேட்பதில்லை.

டிவிடெண்ட் வந்தால் கடன் கொடுத்தவருக்கு அதை நீங்கள் கட்ட வேண்டும். பொதுவாக அன்று விலையும் அந்த அளவுக்கு இறங்கித் திறக்கும் என்பதால் இது பெரிய நட்டம் அன்று. வரிக் கணக்கில் வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான்.

நான் அதிகம் அஞ்சுவது திரும்பக் கேட்பதற்குத்தான். கடன் கொடுத்தவர் தன் பங்கை விற்க நினைத்தால் திருப்பிக் கேட்பார். புரோக்கருக்கு வேறு இடத்தில் கடன் கிடைக்காவிட்டால் உங்கள் நிலையை அவரே வாங்கி மூடிவிடுவார். கடன் கிடைக்காத நாள் எது? விலை வேகமாக ஏறும் நாள். ஆக, நீங்கள் வெளியேற்றப்படுவது மிக மோசமான விலையில்தான் இருக்கும்.

இது வருவதை முன்கூட்டியே ஓரளவு கண்டுகொள்ளலாம். கடன் கட்டணம் சில நாள்களாகத் தொடர்ந்து ஏறுகிறதா, புரோக்கரின் பட்டியலில் கடனுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை சுருங்குகிறதா என்று பாருங்கள். மொத்தமாக ஷார்ட் விற்கப்பட்ட பங்குகளைச் சராசரி தினசரி வர்த்தகத்தால் வகுத்தால், எல்லோரும் வெளியேற எத்தனை நாள் ஆகும் என்பது தெரியும். அது ஓரிரு நாள் என்றால் கதவு அகலமானது. எட்டு, பத்து நாள் என்றால் நெருப்பு என்று யாராவது கத்தினால் போதும். கேம்ஸ்டாப் 2021-இல் அப்படித்தான் ஆனது. பல ஆண்டுகள் இறங்கிய பங்கு, விற்றவர்களின் காரணங்களும் நியாயமானவை. ஆனால் ஷார்ட் விற்கப்பட்டிருந்தது, புழக்கத்தில் இருந்த பங்குகளைவிட அதிகம். ஜனவரித் தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த விலை, 27-ஆம் தேதி 347-இல் முடிந்தது.

கடன் தாராளமாகக் கிடைக்கிறது, கட்டணம் ஓரிரு சதவீதத்துக்குள், விற்றவர்களின் கூட்டம் சிறியது என்றால் இந்த வழியே சிறந்தது. எத்தனை பங்கு வேண்டுமோ அத்தனை, காலாவதித் தேதி இல்லை, 20 இறங்கினாலும் 20 முழுதும் உங்களுக்கு.

## வழி இரண்டு: பியூச்சர்ஸ்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தனிப் பங்குகளின் பியூச்சர்ஸ் எல்லா நாட்டுச் சந்தைகளிலும் இல்லை. அமெரிக்காவில் அதை நடத்திவந்த ஒன்சிகாகோ 2020-இல் மூடப்பட்டது. இருக்கும் இடங்களில், கடன் தேடும் வேலையும் திரும்பக் கேட்கும் தொல்லையும் இல்லை என்பது இதன் பெரிய வசதி.

கடன் கட்டணம் மட்டும் ஒளிந்துகொண்டு இருக்கிறது. கடன் கிடைக்காத பங்கின் பியூச்சர்ஸ், பங்கின் விலையைவிடக் கீழே விற்கும். பங்கு 400, அடுத்த மாத பியூச்சர்ஸ் 390 என்றால், நீங்கள் 390-இல்தான் விற்கிறீர்கள். பங்கு அசையாமல் நின்றாலும் காலாவதியில் 10 போய்விடும். அதுதான் அங்கே வாடகை. நுழையும் முன் இந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்ப்பவர்கள் வெகு சிலர்.

என் பெரிய ஆட்சேபம் லாட் அளவு, அதாவது ஒரே கட்டாக விற்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது 150 பங்குகள். ஒரு லாட் 500 என்றால் 150 விற்க வழியில்லை. 500 விற்று ஸ்டாப்பை 420-க்கு இழுத்துக்கொள்ளத்தான் மனம் போகும். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். லாட் உங்கள் எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. மார்ஜின் குறைவு என்பதை நான் சாதகமாகவே எண்ணுவதில்லை. இரவுத் தாவலில் நட்டம் மார்ஜினோடு நிற்பதில்லை.

## வழி மூன்று: புட் ஆப்ஷன் வாங்குவது

மூன்று மாதக் காலாவதி, விற்கும் உரிமைக்கான விலையான ஸ்ட்ரைக் 400, பங்கின் எதிர்பார்க்கப்படும் அலைவு ஆண்டுக்கு 45 சதவீதம், கடன் எளிதாகக் கிடைக்கிறது. இப்படியென்றால் புட்டுக்கு நாம் கொடுக்கும் விலையான பிரீமியம் பங்குக்குச் சுமார் 36 வரும். ஒரு லாட் 50 என்று வைத்தால், மூன்று லாட்டுக்கு, 150 பங்குகளுக்கு 5,400. பங்கு 600-இல் திறந்தாலும், 1,200-இல் திறந்தாலும் இந்த 5,400-க்கு மேல் ஒரு காசு போகாது. 444-இல் ஸ்டாப் பிடித்துப்போகும் 6,600-ஐவிட இது குறைவு.

இங்கே ஸ்டாப்பே தேவையில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். பங்கு 450-க்கு ஏறி, எல்லா ஷார்ட்டையும் துடைத்துவிட்டு, பிறகு 330-க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் ஷார்ட் 6,600 நட்டத்தோடு வெளியே நிற்கும். புட் காலாவதியில் 70 மதிப்போடு நின்று, 5,100 லாபம் தரும்.

பதிலுக்குக் கொடுப்பது காலம். பங்கு 364-க்குக் கீழே போனால்தான் காலாவதியில் லாபம். 385-இல் நின்றால் கடன் ஷார்ட்டுக்கு 2,250 லாபம், புட்டுக்கு 3,150 நட்டம். மெதுவாக அரித்து இறங்கும் பங்குகளில் புட் வாங்கியவர்கள், திசையைச் சரியாகச் சொல்லியும் பணம் இழப்பது இதனால்தான். காலாண்டு முடிவுகளுக்கு முந்தைய நாள்களில் பிரீமியம் வீங்கியிருக்கும், முடிவு வந்த கணமே சுருங்கும். அந்த நேரத்தில் வாங்கினால் விலை இறங்கியும் புட்டின் மதிப்பு குறைவதைப் பார்க்கலாம்.

'கடன் கட்டணம் 40 சதவீதம், அதனால் புட் வாங்கிவிடுகிறேன்' என்ற முடிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. புட்டை விற்பவர் தன் ஆபத்தைச் சமன் செய்ய அதே பங்கைக் கடன் வாங்கி விற்க வேண்டும். அவர் கட்டும் வாடகையை உங்கள் பிரீமியத்தில் ஏற்றிவிடுவார். மேலே சொன்ன அதே புட், ஆண்டுக்கு 40 சதவீதக் கட்டணம் உள்ள பங்கில் 36 அல்ல, சுமார் 56 இருக்கும். மூன்று லாட்டுக்கு 8,400. வாடகை எங்கும் போகவில்லை, முன்பணமாக வாங்கப்பட்டது, அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், அந்த வாடகை பூட்டப்பட்டுவிட்டது. கட்டணம் நாளைக்கு 80 ஆனாலும் நீங்கள் கட்டியது கட்டியதுதான், திரும்பக் கேட்பவரும் இல்லை.

பிரீமியம் உறுத்தினால், 400 புட்டை வாங்கி 340 புட்டை விற்கலாம், இதுதான் புட் ஸ்பிரெட். கடன் எளிதான பங்கில் 340 புட்டுக்குச் சுமார் 11 கிடைக்கும், நிகரச் செலவு 25. லாபம் 35-க்கு மேல் போகாது. ஆனால் நம் இலக்கே 340 என்னும்போது அதற்குக் கீழே உள்ள லாபத்தை விற்றுவிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

## மூன்று மாத முடிவில் 150 பங்குகளுக்கு

கடன் எளிதான பங்கு. கடன் ஷார்ட்டின் சிறு வாடகையும் தரகும் சேர்க்கப்படவில்லை. பியூச்சர்ஸ் முடிவுகள் கடன் ஷார்ட்டை ஒட்டியே இருக்கும்.

| நடந்தது | கடன் ஷார்ட், ஸ்டாப் 444 | 400 புட் | 400/340 புட் ஸ்பிரெட் |
|---|---|---|---|
| 385-இல் நிற்கிறது | +2,250 | −3,150 | −1,500 |
| 340-க்கு இறங்குகிறது | +9,000 | +3,600 | +5,250 |
| 300-க்கு இறங்குகிறது | +15,000 | +9,600 | +5,250 |
| 450-க்கு ஏறி, பின் 330 | −6,600 | +5,100 | +5,250 |
| ஓர் இரவில் 600 | −30,000 | −5,400 | −3,750 |

கடைசி வரியை எத்தனை முறை எதிர்பார்க்கிறீர்கள் என்பதுதான் தேர்வு. ஆண்டுக்கு ஒருமுறை கூட நடக்காது என்று தோன்றும். ஆனால் கடன் ஷார்ட்டில் அந்த ஒரு வரி, இரண்டாம் வரியின் 9,000 லாபத்தைப்போல் மூன்றைத் தின்றுவிட்டு மேலும் 3,000 கேட்கும்.

## எப்போது எது

கடன் கட்டணம் ஓரிரு சதவீதம், பெரிய நிறுவனம், அடுத்த காலாண்டு முடிவு ஒரு மாதத்துக்கு அப்பால், இறக்கம் மெதுவானது என்றால் கடன் ஷார்ட். 150 பங்குகள், 444-இல் ஸ்டாப். முடிவுகள் வெளியாகும் தேதிக்கு முந்தைய நாள் நிலையைப் பாதியாக்கிவிடுவேன், அல்லது முழுதும் மூடிவிடுவேன்.

அதே நிலைமையில் லாட் 150-க்குள் அடங்கி, பியூச்சர்ஸ் தள்ளுபடி கடன் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் பியூச்சர்ஸ். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

நிறுவனத்தை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு, நீதிமன்றத் தீர்ப்பு, மருந்துக்கு ஒப்புதல் என்று ஒரே செய்தியில் தலைகீழாகக்கூடிய பங்கு என்றால் புட் அல்லது ஸ்பிரெட் மட்டுமே. ஸ்டாப்பைப் பற்றிப் பேசுவதே அங்கே வீண். வாங்குவது செய்தித் தேதிக்கு வெகு முன்பே இருக்க வேண்டும்.

கட்டணம் 40 சதவீதம், வெளியேறப் பத்து நாள் கூட்டம் என்றால், பிரீமியம் 56 கொடுத்து வாங்குவது பெரும்பாலும் லாபமில்லாத வேலை. பங்கு மூன்று மாதத்தில் 344-க்குக் கீழே போனால்தான் முதல் திரும்பும். அது நடக்கும் என்று உறுதியாக நம்பினால் ஸ்பிரெட், இல்லையென்றால் அந்தப் பங்கைத் தொடாமல் விடுவேன். எல்லோருக்கும் தெரிந்த வீழ்ச்சிக்கு வாடகை அதிகம்.

கடன் ஷார்ட்டில் நுழைந்த பிறகு ஸ்டாப்பை நகர்த்துவதற்கும் அதே விதிதான். விலை 390-க்கு வந்துவிட்டது என்பதற்காக ஸ்டாப்பை இறக்க வேண்டாம். 372-க்குக் கீழே ஒரு நாள் முடிந்தால், 409 உறுதியான தாழ்ந்த முகடாகிவிடுகிறது. அப்போது ஸ்டாப் 409-க்கு மேல் ஒரு ஏடிஆர், ஏடிஆர் இன்னும் 12 என்றால் 421-க்கு வரும். இன்னொரு பள்ளம் விழும்வரை அங்கேயே நிற்கும். நான்கு, ஐந்து வாரம் ஆகியும் 372 உடையவில்லை, விலை 390-க்கும் 410-க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்றால், 444 தொடாவிட்டாலும் மூடிவிடுவேன். இறங்க மறுக்கும் பங்குக்கு நாள் வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.